குறிப்பில்லாமல் வந்த பணம்: வாடிக்கையாளரிடம் எப்படிக் கேட்பது?

ஓசூர் சிப்காட்டில் லேத், சிஎன்சி மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் பல பட்டறைகளுக்கு வேலை தருபவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணியில் இருக்கிறார்கள். பணம் வங்கி வழியாக வரும். சில சமயம் எந்த பில்லுக்கு என்ற குறிப்பு இருக்காது. அனுப்பியவர் பெயரும் நம் கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயராக இருக்காது. குழுமத்தின் வேறொரு நிறுவனத்தின் பெயரிலோ, உரிமையாளரின் சொந்தக் கணக்கிலிருந்தோ வந்திருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தனிநபர் நடத்தும் பட்டறையின் கணக்கில் 1,17,000 ரூபாய் விழுகிறது. அந்தத் தொகைக்கு பில்லே இல்லை. ஆனால் 1,00,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000 ரூபாய்க்கு இரண்டு பார்ட்டிகளுக்கு பில் போயிருக்கிறது. வரி சேர்க்காத 1,00,000 ரூபாய்க்கு 1 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்தால் மீதி 1,17,000. ஆக பணம் இந்த இருவரில் ஒருவருடையது என்று ஊகிக்கலாம். ஊகத்தை வைத்து வரவு வைத்து, அது தவறாகிவிட்டால், கட்டியவருக்கு நிலுவைக் கடிதம் போகும். கட்டாதவர் கையில் ‘பாக்கி இல்லை’ என்று காட்டும் நம் கணக்கு விவரம் இருக்கும். அதனால் பதில் வரும்வரை தொகையை ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் தனியாக வைப்பதே சரி.

கேட்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். “1,17,000 ரூபாய் நீங்கள் அனுப்பியதா?” என்று கேட்டால், அனுப்பாதவரும் ஆமாம் என்று சொல்லிவிட முடியும். தொகையையும் தேதியையும் நாம் சொல்லக்கூடாது. அவர்கள்தான் சொல்ல வேண்டும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் போகும் ஒவ்வொரு தொகைக்கும் யூடிஆர் என்ற எண் உண்டு. அனுப்பியவரின் வங்கிப் பதிவிலும் நம் வங்கிப் பதிவிலும் அதே எண்தான் இருக்கும். நாம் வெளியே சொல்லாதவரை, உண்மையில் அனுப்பியவரால் மட்டுமே அதைச் சொல்ல முடியும். ஆகவே இரு பார்ட்டிகளுக்கும் ஒரே கடிதத்தை இப்படி எழுதலாம்:

“வணக்கம். எங்கள் கணக்கில் குறிப்பில்லாத ஒரு தொகை வந்துள்ளது. இந்த மாதம் தாங்கள் பணம் அனுப்பியிருந்தால் தேதி, தொகை, யூடிஆர் எண், அனுப்பிய கணக்கின் பெயர், அதன் கடைசி நான்கு இலக்கங்கள், எந்தெந்த பில்லுக்கு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு டிடிஎஸ் என்ற விவரங்களைக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுகிறோம்.”

பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள முகவரிக்கே இதை அனுப்புங்கள். ஓடிபி, பின், முழுக் கணக்கு எண் எதையும் கேட்க வேண்டாம். நம் வங்கிக் கணக்கு விவரத்தையும் இதில் சேர்க்க வேண்டாம். ‘எங்கள் கணக்கு மாறிவிட்டது’ என்று எழுதி ஏமாற்றும் மோசடிக் கடிதமோ என்று அவர்கள் சந்தேகிக்க இடமாகும். பதிலாக வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகவும் செய்ய முடியும். நம் வங்கி விவரத்தில் உள்ள யூடிஆருடன் எண் எண்ணாக ஒத்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

பணம் யாருடையது என்று தெரிந்த பிறகும், அவருக்குப் பல பில் பாக்கி இருந்தால் எதில் வரவு வைப்பது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 59 முதல் 61 வரையான பிரிவுகளில் இதைச் சொல்கிறது. எந்தக் கடனுக்கு என்று சொல்லும் முதல் உரிமை பணம் கட்டுபவருக்கு. அவர் வாயால் சொல்லாவிட்டாலும் சூழ்நிலை காட்டினால் போதும். கேட்ட தொகை 567 ரூபாய், வந்ததும் 567 ரூபாய் என்றால் அது அந்தக் கடனுக்கே என்று சட்டமே உதாரணம் தருகிறது. எதுவும் தெரியாதபோது வாங்குபவர் தன் விருப்பப்படி, காலாவதியான பாக்கியிலும் வரவு வைக்கலாம். இருவரும் ஒதுக்காவிட்டால் கால வரிசைப்படி பழைய கடன் முதலில் கழியும்.

கையெழுத்தோடு கேட்பதற்கும் காரணம் உண்டு. பாக்கியை வசூலிக்க வழக்குப் போடும் கெடு பொதுவாக 3 ஆண்டுகள். அந்தக் கெடுவுக்குள் கடனில் ஒரு பகுதியைக் கட்டி, அதைக் கட்டியவரே எழுதியோ கையெழுத்திட்டோ ஒப்புக்கொண்டால், காலவரையறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கட்டிய நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். போனில் சொன்ன பதிலுக்கு அந்தப் பலன் கிடையாது.

இரு பார்ட்டிகளும் தங்களுடையது இல்லை என்றால், இனிதான் கவனம் தேவை. யாரோ அழைத்து, “தவறி அனுப்பிவிட்டேன், வேறு கணக்கு எண் தருகிறேன், திருப்பி அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்தலாம். அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருந்தால், நாம் அனுப்பிய பிறகும் உரியவர் புகார் செய்வார். நம் கணக்கு முடக்கப்படலாம். தவறி வந்த பணத்தைத் திருப்பித் தர ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு நம்மைக் கட்டுப்படுத்துகிறது. அதற்காக அதைச் செலவு செய்யாமல், வந்த கணக்குக்கே திருப்பும்படி நம் வங்கிக் கிளைக்கு எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ உடனே புகார் செய்யலாம்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. கிளையில் வாங்கிய அந்த ஒப்புகை நகலை அங்கே இணைக்க வேண்டியிருக்கும்.