படத்தில் மணி என்ன?

சென்னையில் மேற்கு பார்த்த கடைகளின் படம் ஒன்று. ஷட்டர்கள் இறங்கியிருக்கின்றன. விடியற்காலையா, விடுமுறையா?

ஷட்டருக்கு மேலே இருக்கும் தகரப் பந்தலைப் பாருங்கள். அது 3 அடி நீண்டு, முன்விளிம்பின் நிழல் அந்த விளிம்பின் மட்டத்திலிருந்து 3 அடி கீழே ஷட்டரில் விழுந்தால், நேர் எதிரே உள்ள சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கிறது. மேற்குச் சுவரில் வெயில் படுவதே பிற்பகலில்தான். மார்ச் மூன்றாம் வாரமென்றால் மணி சுமார் 3.

மதிய இடைவேளையாக இருக்குமோ? ஷட்டரை ஒட்டி, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்துப் பழவண்டி நிற்கிறது. சற்று நேரத்தில் திறக்கும் கடையின் வாசலை யாரும் மறிக்கமாட்டார்கள். ஆகவே, அன்று கடை விடுமுறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தேதி தெரியாவிட்டால் மணிக்கணக்கு பிசகும். நிழலையும் வண்டியையும் சேர்த்தே படியுங்கள்.