லூயி உடல் மறதிநோய்

லூயி உடல் மறதிநோய் என்பது மூளையின் நரம்புச் செல்களுக்குள் ஆல்ஃபா-சைனூக்ளின் என்னும் புரதம் சிறு உருண்டைகளாகத் திரள்வதால் உண்டாகும் நோயாகும். இவ்வுருண்டைகளை 1912-இல் ஃபிரெடெரிக் லூயி என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். பார்கின்சன் நோயிலும் இவையே காணப்படுகின்றன. "மறதிநோய்" என்ற பெயர் இங்கு சற்றே திசைதிருப்பக்கூடியது. இந்நோயின் தொடக்கத்தில் மறதி பெரும்பாலும் முன்னிற்பதில்லை.

எடுத்துக்காட்டாக, எழுபது வயதைக் கடந்த ஒருவர் மாலையில் கூடத்தில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். சட்டையின் நிறம் வரை அவரால் சொல்ல முடிகிறது. குழந்தைகள் பேசுவதில்லை, அவரும் பெரிதாக அஞ்சுவதில்லை. மறுநாள் காலை நாளிதழைப் படித்து, முந்தைய நாள் வந்துபோன உறவினரைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறார். நண்பகலில் வெறித்துப் பார்த்தபடி இருக்கிறார், பேச்சு கோர்வையற்றுப் போகிறது, பகலிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறங்குகிறார். அடுத்த நாள் மீண்டும் தெளிவு. இந்த ஏற்ற இறக்கத்தைக் காணும் குடும்பத்தார், அவர் வேண்டுமென்றே நடிப்பதாகக்கூட நினைப்பதுண்டு.

அல்சைமர் நோயில் நிலைமை வேறு. அதில் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பசு என்ற பகுதி முதலில் பாதிக்கப்படுகிறது. மருத்துவர் மூன்று சொற்களைக் கூறிச் சில நிமிடங்கள் கழித்துக் கேட்டால், குறிப்புக் கொடுத்தாலும் அவை நினைவுக்கு வருவது கடினம். அவை பதியவே இல்லை. மேற்கண்ட முதியவரோ சிறு குறிப்பிலேயே விட்டுப்போன சொல்லை நினைவுகூர்கிறார். ஆனால் கடிகாரம் வரையச் சொன்னால் எண்கள் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. பார்வையைப் புரிந்துகொள்ளும் திறனும் கவனமும்தான் அவரிடம் முதலில் குலைந்துள்ளன.

விசாரித்தால் இன்னொரு தடயமும் கிடைக்கலாம். பல ஆண்டுகளாகவே அவர் கனவில் கத்தி, கைகால்களை வீசியிருப்பார். நடை தளர்ந்து, கைகள் விறைக்கத் தொடங்கியும் இருக்கலாம். தெளிவான மாயக்காட்சி, விழிப்புநிலை ஏற்ற இறக்கம், கனவை நடித்தல், பார்கின்சன் அறிகுறி ஆகிய நான்கில் இரண்டு அறிவாற்றல் குறைவோடு சேர்ந்திருந்தால், 2017-ஆம் ஆண்டு வரையறையின்படி இந்நோய் இருக்க வாய்ப்பு அதிகம். ஓரிரு நாள்களில் திடீரெனக் குழப்பம் தோன்றினால் மட்டும், சிறுநீர்த் தொற்று போன்ற காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

வேறுபாட்டை அறியாவிட்டால் ஆபத்து மருந்தில் வருகிறது. மாயக்காட்சியை மனநோய் எனக் கருதி ஹாலோபெரிடால் கொடுத்தால், இந்நோயாளிகளில் பலர் கடும் விறைப்புக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் உள்ளாகின்றனர், உயிரிழப்பும் நேரலாம். மாறாக, ரிவாஸ்டிக்மின், டோனெபெசில் போன்ற மருந்துகள் நோயைக் குணப்படுத்தாவிட்டாலும் கவனத்தை மேம்படுத்தி, மாயக்காட்சிகளை ஓரளவு குறைக்கின்றன. அச்சம் தராத காட்சிகளுக்குத் தனி மருந்து தேவைப்படாமலும் போகலாம். அறையின் வெளிச்சத்தைக் கூட்டுவதே சில நேரங்களில் போதும்.