மதிப்பெண் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது? நீட் மாதிரித் தேர்வுகளில் பிழைக் குறிப்பேட்டின் பயன்

நீட் இளநிலைத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் வாரந்தோறும் முழு மாதிரித் தேர்வு எழுதியும், பலருக்கு மதிப்பெண் ஒரு கட்டத்திற்கு மேல் உயர்வதில்லை. தவறிய பாடத்தை மீண்டும் படிப்பதே வழக்கமான தீர்வாக இருக்கிறது. ஆனால் பல தேர்வுகளின் பிழைகளை ஒரே குறிப்பேட்டில் காரணத்துடன் பதிவு செய்து பார்த்தால், குறை பெரும்பாலும் பாடத்தில் இல்லை என்பது தெரியவரும்.

தற்போதைய முறைப்படி நீட் தேர்வில் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் அளிக்கப்படுகின்றன. இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45, உயிரியலில் 90 வினாக்கள் இடம்பெறுகின்றன. சரியான விடைக்கு 4 மதிப்பெண் வழங்கப்படும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். ஆகவே விடை தெரிந்தும் தவறாகக் குறிக்கப்படும் ஒவ்வொரு வினாவும் 5 மதிப்பெண் இழப்பாகும்.

குறிப்பேட்டில் முதலில் கவனிக்க வேண்டியது, காரணத்தை எழுதும் முறை. பெரும்பாலான மாணவர்கள் 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுகின்றனர். அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. 25 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்சின் திறன் கேட்கப்படுகிறது என்று கொள்வோம். தூரத்தை 0.25 மீட்டராக மாற்றினால் விடை 4 டயாப்டர். மாற்றாமல் வாய்பாட்டில் இட்டால் 0.04 என்று வரும். அந்த எண்ணும் விடைத் தெரிவுகளில் ஒன்றாகக் காத்திருக்கும். இங்கு எழுத வேண்டியது, 'செ.மீ.-ஐ மீட்டராக மாற்றாமல் கணக்கிட்டேன்' என்பதாகும். அடுத்த மாதம் மின்தேக்கி வினாவில் இதே பிழை நேர்ந்தால், இரண்டும் ஒரே பிழை என்று அப்போதுதான் கண்ணில் படும். பாடத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் ஒன்று ஒளியியலிலும் மற்றொன்று நிலைமின்னியலிலும் பிரிந்து கிடக்கும்.

காரணத்தைச் சரியாகக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. தேர்வு முடிந்ததும், தவறிய வினாக்களின் எண்களை மட்டும் குறித்துக்கொண்டு, விளக்க விடைகளைப் பாராமல், நேர வரம்பின்றி அவற்றை மீண்டும் செய்து பார்க்க வேண்டும். இப்போது சரியாக வந்தால் பாடம் தெரிந்திருக்கிறது. பிழை வாசிப்பிலோ கணக்கிலோ நேரத்திலோ நேர்ந்திருக்கிறது. இப்போதும் வரவில்லை என்றால்தான் அது பாடக் குறை. விளக்கத்தை முதலில் படித்துவிட்டால் 'இது எனக்குத் தெரிந்ததுதானே' என்ற எண்ணம் வந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய முடியாது. மறுநாளைத் தாண்டினால் எந்த எண்ணத்தில் அந்த விடையைக் குறித்தோம் என்பதும் மறந்துபோகும்.

ஐந்து மாதிரித் தேர்வுகளில் மொத்தம் 150 விடைகளைத் தவறவிட்ட ஒரு மாணவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பாடவாரியாகப் பிரித்தால் அவருடைய பிழைகள் எல்லா அலகுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. காரணவாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. பாடம் தெரியாததால் 58, வினாவைத் தவறாக வாசித்ததால் 34, கணக்கீட்டில் 30, இரண்டு தெரிவுகளுக்கிடையே ஊகித்ததால் 22, ஓஎம்ஆர் தாளில் இடம் மாற்றிக் குறித்ததால் 6.

தவறாக வாசித்த 34-இல் 21 வினாக்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை. தவறான கூற்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன வினாவில், முதலில் கண்ட சரியான கூற்றை அவர் குறித்திருக்கிறார். தமிழில் தேர்வு எழுதுவோர் இதில் கூடுதலாக விழிப்புடன் இருக்க வேண்டியுள்ளது. 'சரியானது அல்ல' என்னும்போது எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, அவசரக் கண் அதற்கு முன்பே தெரிவுகளுக்குத் தாவிவிடுகிறது. ஐந்து தேர்வுகளில் இந்த 21 வினாக்களால் மட்டும் 105 மதிப்பெண் போயிருக்கிறது.

அது ஏன் நேர்ந்தது என்பதை நேரப் பதிவு காட்டியது. ஒவ்வொரு 30 வினா முடிந்ததும் வினாத்தாளின் ஓரத்தில் மணியை எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. இயற்பியலுக்கு நேரம் மிச்சப்படுத்த, 90 உயிரியல் வினாக்களை 40 நிமிடங்களில், அதாவது ஒரு வினாவுக்கு 27 நொடி என்ற வேகத்தில் முடித்திருக்கிறார். 21 பிழைகளில் 17 அந்தப் பகுதியில் நேர்ந்தவை.

இதற்கு அவர் இரண்டு மாற்றங்களைச் செய்தார். எதிர்மறைச் சொல்லைப் பேனாவால் வட்டமிட்ட பிறகே தெரிவுகளைப் பார்ப்பது. உயிரியலுக்கு 50 நிமிடங்கள் ஒதுக்குவது. அடுத்த தேர்வில் இவ்வகைப் பிழை ஒன்றாகக் குறைந்தது. ஆனால் நேரம் போதாமல் இயற்பியலில் மூன்று வினாக்கள் கூடுதலாக விடுபட்டன. ஒரு பிழைக்குச் செய்யும் திருத்தம் வேறோர் இடத்தில் விலை கேட்பது இயல்பு. அதனால்தான் ஒரு தேர்வுக்கு ஒரு பிழை வகையை மட்டும் திருத்தி, அடுத்த இரண்டு தேர்வுகளில் விளைவைப் பார்ப்பது நல்லது. பழைய பதிவுகளைப் புரட்டியபோது, நான்கு நிமிடங்களுக்கு மேல் செலவிட்ட இயற்பியல் வினாக்கள் பெரும்பாலும் தவறாகவே முடிந்திருந்தது தெரிந்தது. இரண்டு நிமிடங்களில் வழி புலப்படாவிட்டால் விட்டுச் செல்வது என்று முடிவு செய்த பிறகே அந்தப் பத்து நிமிடங்கள் திரும்பக் கிடைத்தன.

ஊகம் பற்றிய பதிவு வேறொரு பாடம் சொன்னது. 22 தவறுகளைக் கண்டு, இனி ஊகிப்பதே இல்லை என்று அவர் முடிவு செய்ய இருந்தார். ஆனால் ஊகித்த ஒவ்வொரு வினாவின் அருகிலும் தேர்வறையிலேயே அவர் ஒரு புள்ளி வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் ஊகித்தவை 48, சரியானவை 26. 104 மதிப்பெண் கிடைத்து, 22 கழிந்து, 82 மிஞ்சியிருக்கிறது. இந்த மதிப்பெண் முறையில் ஐந்தில் ஒன்று சரியானாலே நட்டமில்லை. தவறிய விடைகளை மட்டும் பதிவு செய்யும் குறிப்பேடு இந்த உண்மையை மறைத்துவிடும். சந்தேகத்துடன் எழுதிச் சரியானவற்றையும் அதில் சேர்க்க வேண்டும்.

வினாவை முழுமையாகப் படியெடுத்து, வண்ணப் பேனாக்களால் அழகுபடுத்தப்படும் குறிப்பேடுகள் மூன்றாவது தேர்வோடு நின்றுவிடுவதுண்டு. தேர்வு எண், வினா எண், காரணம் ஒரு வரி, நேரம் என்பனவே போதும். 30 பிழைகளை மீண்டும் செய்யும் நேரம் நீங்கலாக, அரை மணியில் எழுதி முடிக்கலாம். விடைக்குறிப்பிலேயே பிழை இருக்கக்கூடும் என்பதால், ஐயமுள்ள வினாவைப் பாடநூலுடன் ஒப்பிட்ட பின்னரே பதிய வேண்டும்.

பாடத்திட்டத்தில் பாதியைக்கூட முடிக்காதவர்களுக்கு இம்முறை அதிகம் உதவாது. மறுமுயற்சியிலும் வராத வினாக்களே பக்கத்தை நிரப்பும். அங்கு தேவைப்படுவது பாடநூல். மறுமுயற்சியில் சரியாக வரும் வினாக்கள், தவறியவற்றில் பாதியை எட்டும்போதுதான் குறிப்பேட்டில் கணக்குப் பார்க்கும் வேளை வருகிறது. மேற்கண்ட மாணவிக்கு 150-இல் 58 மட்டுமே பாடக் குறையாக இருந்தது.