‘ஐ’யா, ‘மீ’யா? ‘அஸ்’ போட்டுப் பாருங்கள்

மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது நான் அடிக்கடி சிவப்பு மையில் வட்டமிடும் தொடர் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’. இதை எழுதுபவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்கள் அல்லர். பெரும்பாலும் கவனமாக எழுதுபவர்களே. ‘மீ அண்ட் மை ஃபிரெண்ட் வென்ட்’ என்று சொன்னதற்காகச் சிறு வயதில் திருத்தப்பட்டிருப்பார்கள். அதிலிருந்து ‘அண்ட்’ வந்தாலே ‘ஐ’தான் மரியாதை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் அந்தோனியோ எழுதும் கடிதத்திலேயே இத்தொடர் இருக்கிறது. ஆனாலும் இன்றைய தேர்விலும் அலுவல் கடிதத்திலும் ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதே ஏற்கப்படும் வடிவம்.

விதி சிறியது. வாக்கியத்தின் எழுவாயாக நின்றால் ‘ஐ’. வினைக்குச் செயப்படுபொருளாகவோ, ‘டு’, ‘ஃபார்’, ‘வித்’, ‘பிட்வீன்’ போன்ற சொற்களுக்குப் பின்னாலோ வந்தால் ‘மீ’. பக்கத்தில் இன்னொருவர் சேர்ந்துகொள்வதால் இது மாறுவதில்லை.

விதி தெரிந்தும் தடுமாறக் காரணம், ‘யூ’ எந்த இடத்திலும் உருமாறாது என்பதுதான். ஆட்பெயர்களும் அப்படியே. ஆகவே காது எச்சரிப்பதில்லை. மலாயும் உதவாது, ‘சாயா’ எழுவாயாக வந்தாலும் ‘அந்தாரா அவாக் டான் சாயா’ என்று வந்தாலும் ஒரே சொல்தான்.

சரிபார்க்கப் பலரும் கற்றுத்தரும் வழி, மற்றவரை நீக்கிவிட்டுப் படிப்பது. ‘தி டீச்சர் இன்வைட்டட் கவிதா அண்ட் ஐ’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கவிதாவை எடுத்துவிட்டால் ‘தி டீச்சர் இன்வைட்டட் ஐ’ என்றாகிறது. யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எனவே ‘கவிதா அண்ட் மீ’ என்பதே சரி.

ஆனால் ‘பிட்வீன்’ வரும் இடத்தில் இந்த வழி கைவிட்டுவிடும். ‘இடையே’ என்றால் இருவர் வேண்டுமே! ஒருவரை நீக்கினால் ‘பிட்வீன் ஐ’, ‘பிட்வீன் மீ’ இரண்டுமே பொருளற்றுப் போகும். அங்கே நீக்க வேண்டாம், மாற்றிப் போடுங்கள். ‘யூ அண்ட் ஐ’ என்ற முழுத் தொடரையும் எடுத்துவிட்டு ‘வீ’ அல்லது ‘அஸ்’ போட்டுப் பாருங்கள். ‘பிட்வீன் வீ’ என்பது ஒலிக்கும்போதே இடறும். ‘பிட்வீன் அஸ்’ பொருந்தும். ‘வீ’ பொருந்தினால் ‘ஐ’, ‘அஸ்’ பொருந்தினால் ‘மீ’. தொடரில் நீங்கள் இல்லாமல் மற்றவர்கள் மட்டும் இருந்தால் ‘தே’, ‘தெம்’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். ‘தெம்’ பொருந்தினால் ‘ஹிம்’, ‘ஹர்’ வரும்.

தமிழ் தெரிந்த நமக்கு இன்னொரு துணையும் உண்டு. ‘உனக்கும் எனக்கும் இடையே’ என்கிறோம். ‘நீயும் நானும் இடையே’ என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. தமிழில் வேற்றுமை உருபு இருவரிடமும் வெளிப்படையாக நிற்கும். அதனால் ‘நான்’ என்று வராத இடத்தில் ‘ஐ’ வருமா என்று சந்தேகப்படலாம்.

இதை மட்டும் நம்பினால் ஓரிடத்தில் சறுக்கும். ‘எனக்கும் என் தம்பிக்கும் மாம்பழம் பிடிக்கும்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘எனக்கும்’ இருக்கிறதே என்று ‘மை பிரதர் அண்ட் மீ லைக் மேங்கோஸ்’ என்று எழுதினால் பிழை. பிடிப்பது, பசிப்பது, தெரிவது போன்றவற்றைத் தமிழ் ‘கு’ உருபோடு சொல்கிறது. ஆங்கிலமோ அந்த ஆளையே எழுவாயாக்கிவிடுகிறது. மாற்றிப் போட்டால் உடனே தெரியும்: ‘அஸ் லைக்’ அன்று, ‘வீ லைக்’. ஆகவே ‘மை பிரதர் அண்ட் ஐ’. தமிழ் சந்தேகத்தை எழுப்பட்டும். தீர்ப்பை ‘வீ’, ‘அஸ்’ சோதனை சொல்லட்டும்.

குழப்பத்திலிருந்து தப்பிக்கச் சிலர் ‘பிளீஸ் காண்டாக்ட் கவிதா ஆர் மைசெல்ஃப்’ என்று எழுதுவதையும் பார்க்கிறேன். இங்கே கவிதாவை நீக்கும் பழைய வழியே போதும். ‘காண்டாக்ட் மைசெல்ஃப்’ என்று யாரும் எழுதுவதில்லை, ‘காண்டாக்ட் மீ’தான்.

இன்றே பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, ‘அண்ட் ஐ’ வரும் இடங்களை மட்டும் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் ‘வீ’ போட்டுப் படியுங்கள். வாக்கியம் இடறும் இடத்தில்தான் திருத்தம் தேவை.