முதல் நான்கு எழுத்தை விழுங்கும் கீபோர்டு

மதிய உணவு முடிந்து மேசைக்குத் திரும்புகிறீர்கள். கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். தவறு என்கிறது கணினி. மறுபடி தட்டினால் திறந்துவிடுகிறது. திரையில் வெறும் புள்ளிகள் மட்டுமே தெரிவதால், முதல் நான்கு எழுத்துகள் போய்ச் சேரவே இல்லை என்பது தெரிவதில்லை. புளூடூத் கீபோர்டு வைத்திருக்கும் பலரும் இதைத் தங்கள் விரல்களின் பிழை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே தூங்குவது ஒருவர் அல்ல, மூவர். சில நிமிடங்கள் தொடாமல் விட்டால் பேட்டரியை மிச்சப்படுத்தக் கீபோர்டு தொடர்பைத் துண்டித்துக்கொள்கிறது. கணினி தனியாகத் தூங்குகிறது. கணினிக்குள் இருக்கும் புளூடூத் சில்லு, கணினி விழித்திருக்கும்போதே கூடத் தூங்கிவிடலாம். எது தூங்கியது என்று பிரித்துப் பார்க்காமல், பலர் நேராகப் புதுக் கீபோர்டு வாங்கப் போகிறார்கள்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். திரை எரிந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் ஏதோ படித்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டுகிறீர்கள், முதல் சில எழுத்துகள் மட்டும் காணவில்லை என்றால் தூங்கியது கீபோர்டு. அது விழித்ததும் கணினியைக் கூப்பிட வேண்டும். பழைய ரகசியச் சாவியைக் காட்ட வேண்டும். கணினி அதை ஏற்க வேண்டும். இதற்கு ஓரிரு விநாடி ஆகிவிடும். அதற்குள் தட்டியதைச் சில கீபோர்டுகள் நினைவில் வைத்திருந்து பிறகு அனுப்பும், சில அப்படியே தொலைத்துவிடும். இது பழுதல்ல, பேட்டரி பல மாதம் வருவதற்கான விலை. முதலில் Shift விசையை ஒருமுறை அழுத்தி, ஒரு விநாடி பொறுத்துவிட்டுத் தட்டத் தொடங்கினால் போதும். Shift எதையும் எழுதாது, ஆனால் எழுப்பிவிடும்.

லேப்டாப்பின் மூடியைத் திறந்த பிறகு அரை நிமிடம் ஆகியும் கீபோர்டு வரவில்லை, புளூடூத்தை அணைத்துப் போட்டால் உடனே வருகிறது என்றால் சந்தேகம் கணினிக்குள் இருக்கும் சில்லின் மேல். விண்டோஸில் Device Manager-ஐத் திறந்து, Bluetooth என்ற தலைப்பின் கீழ் புளூடூத் அடாப்டரின் பெயரை இருமுறை சொடுக்குங்கள். Power Management என்ற பகுதியில் "Allow the computer to turn off this device to save power" என்று ஒரு வரி இருக்கும். அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரியில் இதனால் ஆகும் கூடுதல் செலவு சொற்பம். அந்தப் பகுதியே காணவில்லை என்றால் பதற வேண்டாம். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் அதை மறைத்துவிடுகிறது; ஏனென்றால் அவை பழைய முறையில் தூங்குவதில்லை. உங்களுடையது எந்த வகை என்று பார்க்க:

```
powercfg /a
```

விடையில் S0 Low Power Idle கிடைக்கிறது என்று வந்தால் புதிய வகை. அங்கே நம் கையில் இருப்பது லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புளூடூத் டிரைவரைப் புதுப்பிப்பதுதான்.

மூன்றாவது வகைத் தொல்லைக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை. தட்டிக்கொண்டிருக்கும்போதே எழுத்து தாமதமாக வருகிறது, அல்லது ஒரு எழுத்து நாலைந்து தடவை வந்து நிற்கிறது. விசையை அழுத்தியது ஒரு செய்தி, விட்டது இன்னொரு செய்தி. விட்ட செய்தி வழியில் தாமதமானால், நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகக் கணினி எண்ணி அதே எழுத்தை அடுக்குகிறது. காரணம் பெரும்பாலும் காற்றில் இருக்கும் நெரிசல். புளூடூத் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே பழைய வகை வைஃபையும் பேசுகிறது. யுஎஸ்பி 3 கம்பிகளும் அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுகின்றன; இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்கில் கோப்பு நகலாகும்போது மட்டும் கீபோர்டு தடுமாறினால் குற்றவாளி அதுதான். டிஸ்கைக் கழற்றிப் பாருங்கள். புளூடூத்துக்கு வெளியிலிருந்து சிறு டாங்கிள் செருகியிருந்தால், ஒரு நீட்டிப்புக் கம்பி போட்டு அதை டிஸ்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

இனி ஒரே கீபோர்டை வீட்டு லேப்டாப்புக்கும் அலுவலக லேப்டாப்புக்கும் பயன்படுத்துபவர்களின் கதை. ஞாயிறன்று வீட்டு லேப்டாப்போடு ஜோடி சேர்க்கிறார் ஒருவர். திங்களன்று அலுவலக லேப்டாப்பில் Paired என்று பழையபடியே எழுதியிருக்கிறது, ஆனால் ஒரு எழுத்தும் விழவில்லை. ஜோடி சேரும்போது இரு பக்கமும் ஒரே ரகசியச் சாவியைச் சேமித்துக்கொள்கின்றன. ஒரே ஒரு கணினிக்கு மட்டும் நினைவிடம் உள்ள கீபோர்டு, ஞாயிறன்று புதுச் சாவியை வாங்கியபோது பழையதை அழித்துவிட்டது. அலுவலக லேப்டாப்போ செல்லாத சாவியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு Paired என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. Connect-ஐ எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. பட்டியலிலிருந்து அந்தக் கீபோர்டை Remove கொடுத்து நீக்கிவிட்டு, புதிதாகச் சேர்க்க வேண்டும்.

தினமும் இதைச் செய்ய முடியாது. இரண்டு கணினி இருந்தால், பல நினைவிடம் உள்ள கீபோர்டுதான் சரி. லாஜிடெக் கே380 போன்றவற்றில் மேல் வரிசையில் 1, 2, 3 என்று மூன்று விசைகள் இருக்கும். ஒன்றை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாகச் சிமிட்டும். அந்த இடத்தில் ஒரு கணினியைச் சேர்க்கலாம். பிறகு லேசாகத் தட்டினாலே மாறிவிடும். அவசரத்தில் நீளமாக அழுத்தினால் மறுபடி ஜோடி சேர்க்கும் நிலைக்குப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு: 1-லிருந்து 2-க்கு மாற்ற மறந்தால், அடுத்த அறையில் விழித்திருக்கும் வேறொரு லேப்டாப்பில் உங்கள் கடிதம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இதே சிக்கல் இன்னும் குழப்பமான முகத்தோடு வரும். கணினி ஒன்றுதான், புளூடூத் சில்லின் முகவரியும் ஒன்றுதான். ஆகவே கீபோர்டுக்கு இரண்டும் ஒரே ஆள். லினக்ஸில் சேர்த்ததும் விண்டோஸுக்கான சாவி அழிகிறது, விண்டோஸில் சேர்த்தால் லினக்ஸுக்கானது அழிகிறது. பல இடம் உள்ள கீபோர்டுகள் பலவற்றில் ஓர் இடத்தை விண்டோஸுக்கும் அடுத்த இடத்தை லினக்ஸுக்கும் ஒதுக்கினால் தகராறு தீர்கிறது. அது எடுபடாவிட்டால், விண்டோஸ் வைத்திருக்கும் சாவியைப் பிரதியெடுத்து லினக்ஸின் `/var/lib/bluetooth` அடைவில் எழுதுவது வழி. கட்டளைத் திரையில் கை பழகியவர்கள் மட்டும் அதில் இறங்கலாம்.

எந்த அமைப்பைத் திருத்தினாலும் ஓர் எல்லை மாறாது. இயங்குதளம் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் திரையில் பெரும்பாலான கணினிகளுக்குப் புளூடூத் கீபோர்டு இருப்பதே தெரியாது. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள், F2 அல்லது Delete அழுத்த வேண்டிய நாளுக்காக, மலிவான கம்பிக் கீபோர்டு ஒன்றை அலமாரியில் போட்டு வைப்பது நல்லது.