‘முன்பு – பின்பு’ படத்தைக் காட்டினால், அளவுத் தாளைக் கேளுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் சொட்டுநீர் அமைத்துத் தரும் நிறுவனங்களின் கையேடுகளில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் காய்ந்து வெடித்த மண். மற்றதில் பந்தல் நிறையக் கருநிறக் குலைகள். கீழே ‘தண்ணீர் பாதி மிச்சம், மகசூல் இரட்டிப்பு’ என்று ஒரு வரி. அந்த வரிக்கு ஆதாரம் என்ன என்று கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு. வேலையை ஒழுங்காக முடித்த ஒப்பந்தக்காரருக்கும் அந்த ஆதாரம் தேவை. நாளை ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று யாராவது சொன்னால், அவரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

குழாய் பதிக்கும் முன்பே எழுத வேண்டியது

பலரும் வேலை முடிந்த பிறகுதான் பழைய நிலையை நினைவிலிருந்து எழுத உட்காருகிறார்கள். அப்போது மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ‘முன்பு’ என்ற பக்கத்தைப் பள்ளம் தோண்டும் முன்பே நிரப்பிவிட வேண்டும்.

பெரிய கருவி ஏதும் வேண்டாம். இருநூறு லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, அது நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். வாரத்தில் மோட்டார் ஓடிய நேரத்தைப் பதினைந்து நாளாவது நோட்டில் குறியுங்கள். வயலின் ஓரிடத்தில் கல் நட்டு, அங்கிருந்தே ஒரே திசையில், ஒரே நேரத்தில் படம் எடுங்கள். முடிந்தபின் எடுக்கும் படமும் அதே கல்லிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டப் பணிகளுக்கும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று கட்டங்களில் இடக்குறிப்போடு படம் எடுக்கும் நடைமுறை 2017-இல் வந்தது. தனியார் வேலைக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கொடிகள் 2,000. டிரம் 40 வினாடியில் நிறைகிறது என்றால், மோட்டார் மணிக்கு 18,000 லிட்டர் தள்ளுகிறது. வாய்க்கால் பாசனத்தில் வாரம் 30 மணி நேரம் ஓடினால் 5,40,000 லிட்டர்.

இப்போது கொடிக்கு இரண்டு டிரிப்பர் வீதம் 4,000 டிரிப்பர்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். மொத்தம் மணிக்கு 16,000 லிட்டர். தினம் 3 மணி, வாரம் 6 நாள் என்றால் 2,88,000 லிட்டர். மிச்சம் ஏறக்குறைய 47 சதவீதம். மோட்டார் நேரத்தை மட்டும் எழுதினால், 30 மணி 18 ஆகிவிட்டது, 40 சதவீதம் மிச்சம் என்று வரும். எந்த அளவில் கணக்குப் போட்டோம் என்பதை எழுதாவிட்டால் சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மணிக்கு 4 லிட்டர் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 67 மில்லி வர வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்போ இரும்போ படிந்து டிரிப்பர் அடைத்து, சராசரி 54 மில்லியாகக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். வாரத்துக்குப் போகும் தண்ணீர் சுமார் 2,33,000 லிட்டராகிறது. தாளில் மிச்சம் 57 சதவீதம் ஆகிவிடும்! பழுது வந்ததால் கணக்கு அழகாகிறது; கடைசி வரிசைக் கொடிகளோ வாடுகின்றன.

அதனால் ‘பின்பு’ பக்கத்தில் தண்ணீர் மிச்சத்தோடு, தண்ணீர் சமமாகப் போகிறதா என்பதும் இருக்க வேண்டும். நான்கு பக்கக் குழாய்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் தலைப்பு, நடுவில் இரண்டு இடம், கடைசி என நான்கு டிரிப்பர்களின் கீழ் ஒரு நிமிடம் டம்ளர் வைத்து அளந்து பாருங்கள். பதினாறு அளவுகளில் மிகக் குறைந்த நான்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். தொண்ணூறு வந்தால் நல்ல அமைப்பு. எண்பதுக்குக் கீழே போனால் வடிகட்டியையும் குழாயையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை ஒப்படைக்கும் நாளில் ஒருமுறையும், ஒரு பருவம் கழித்து ஒருமுறையும் செய்து இரண்டையும் தாளில் காட்டுவதுதான் நேர்மை.

மகசூலில் எச்சரிக்கை

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டுக்குப் பலமுறை காய்க்கும். மழைக்காலக் காய்ப்பில் அடிச்சாம்பல் நோய் வரும், குலை உதிரும். கோடைக் காய்ப்பு அப்படியல்ல. ‘முன்பு’ மழைக்காலமாகவும் ‘பின்பு’ கோடையாகவும் இருந்தால், மகசூல் கூடியதற்குச் சொட்டுநீர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஒரே மாதக் கவாத்தை ஒரே மாதக் கவாத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் பழைய முறையிலேயே பாய்ந்த பந்தலின் மகசூலையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. அங்கேயும் கூடியிருந்தால் காரணம் மழையாகவோ பருவமாகவோ இருக்கலாம். இடையில் உரமோ கவாத்து முறையோ மாறியிருந்தால் அதையும் எழுத வேண்டும். விலை ஏறியதால் வந்த வருமானத்தை மகசூலோடு கலக்கக் கூடாது. கிலோவை ஒரு வரியிலும், ரூபாயை வேறு வரியிலும் எழுதுங்கள்.

விவசாயியின் உரிமைகள்

‘முன்பு’, ‘பின்பு’ பக்கங்கள் சேர்ந்த அளவுத் தாளில் விவசாயியும் ஒப்பந்தக்காரரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை விவசாயி வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் தோட்டத்தையோ முகத்தையோ பெயரையோ விளம்பரத்தில் பயன்படுத்த நிறுவனம் அனுமதி கேட்டால், எந்த இடத்தில், எத்தனை காலம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். அனுமதிக்காகப் பணத்தைப் பிடித்துவைப்பதும், சேவையைத் தள்ளிப்போடுவதும் முறையல்ல.

பொய்யான விவரமோ பொய் உத்தரவாதமோ உள்ள விளம்பரம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம். துண்டறிக்கையும் கையேடும் கூட இதில் அடங்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பிழைப்புக்காகப் பயிர் செய்யும் விவசாயியும் நுகர்வோர்தான். விதை வழக்கொன்றில் 2012-இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது.

எங்கே முறையிடுவது

முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்குங்கள். பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன்பின் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே விசாரிப்பார்கள். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

மானியத்தில் அமைத்த சொட்டுநீர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் என்பதால், அரசுப் பணத்துக்கான கோப்பு அலுவலகத்தில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ஆய்வறிக்கையும் படங்களும் கேட்கலாம். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநரிடமோ, மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்படுவது ஆதாரம்தான். ஆகவே அடுத்த முறை யாராவது வயலுக்கு வந்து இரண்டு படத்தை நீட்டினால், படம் எடுத்த தேதி என்ன, அதே பருவமா, டிரம் கணக்கும் டம்ளர் கணக்கும் எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்பவரிடம் மட்டும் முன்பணம் கொடுங்கள்.