போட்டோ சொல்லாத பத்து அடி

வீட்டு ஹாலை மொபைல்ல ஒரு க்ளிக் எடுத்து இன்டீரியர் டிசைனருக்கு அனுப்பிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைப்போம். எங்க வீட்டு போட்டோவைப் பார்த்துட்டு டிசைனர் கேட்ட முதல் கேள்வி, "எல் ஷேப் சோபா போட்டுடலாமா?" 0.5x லென்ஸில் எடுத்திருந்தேன். வைட் ஆங்கிள் லென்ஸ் அறையை இழுத்துப் பெரிசா காட்டும். ஓரத்தில் இருக்கும் சோபா இன்னும் நீளமாகத் தெரியும். அதனால் போட்டோவோடு நாலு வரி விவரமும் போகணும்.

முதலில் அளவு. டேப் தேவையில்லை, தரையைப் பாருங்க. எங்க ஹாலில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ். நீளத்தில் 8, அகலத்தில் 5. அப்படின்னா சுமார் 16க்கு 10 அடி.

அடுத்து, வாசலில் நின்று இடமிருந்து வலமாகச் சொல்லுங்க. இடப்பக்கம் மேற்குச் சுவர்: ஜன்னல், அதன் கீழே 3 அடி ஆழமுள்ள சோபா. எதிரே சமையலறை வழி. வலப்பக்கம் ஒன்றரை அடி ஆழத்தில் டிவி யூனிட். நடுவில் 2 அடி அகல டீப்பாய். சோபாவுக்கும் அதுக்கும் ஒன்றரை அடி இடைவெளி. இப்போ கூட்டிப் பாருங்க: 3, 1½, 2, 1½. மொத்தம் 8. சமையலறைக்குப் போக மிச்சம் 2 அடிதான். தாராளமாக நடக்க 3 அடியாவது வேணும். வீட்டில் எல்லாரும் டீப்பாயில் முட்டிக்கிட்டதுக்குக் காரணம் இதுதான்! எல் ஷேப் சோபா வந்திருந்தா அந்த வழியும் போயிருக்கும்.

வெளிச்சம் எங்கிருந்து, எத்தனை மணிக்கு வருதுன்னு எழுதுங்க. எங்க ஜன்னல் மேற்கே இருப்பதால் சாயங்கால வெயில் நேரா டிவியில் அடிக்கும். காலையில் எடுத்த போட்டோவில் அது தெரியாது. பல்பின் நிறமும் முக்கியம்: 6500K என்றால் வெள்ளை, 3000K என்றால் மஞ்சள். பெட்டியிலேயே போட்டிருக்கும்.

கடைசியா நிறம். இதில்தான் கேமரா அதிகம் ஏமாத்தும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எங்க வெள்ளைச் சுவர் சந்தன நிறமா விழுந்திருந்தது. ஒரு வெள்ளை A4 தாளைச் சுவரில் ஒட்டி மறுபடி எடுத்தேன். தாளும் மஞ்சளா வந்தது. அப்போ மஞ்சள் சுவரோடது இல்லை, பல்போடது. தாள் வெள்ளையா வந்து சுவர் மட்டும் மஞ்சளா தெரிஞ்சா, அது பெயின்ட்டோட நிறம். எந்த நிறம் எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க: "சுவரும் தரையும் வெள்ளை, சோபா பழுப்பு, குஷன் மட்டும் நீலம்." பழைய பெயின்ட் டப்பா இருந்தா அதிலுள்ள ஷேடு நம்பரையே எழுதிடுங்க. அதுக்கு எந்த விளக்கமும் ஈடாகாது.

எங்க ஹாலுக்கு என்ன ஆச்சுன்னா, சோபா அங்கேயே இருக்கு. டீப்பாய்தான் மூலைக்குப் போச்சு.